கெடு முடியும் முன் கேட்டுவிடுங்கள்

ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளுக்கு 600 செட் டெஸ்க்-பெஞ்ச் வாங்க ஒரு டெண்டர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆவணத்தின் 23ஆம் பக்கத்தில், கால்கள் 25 மி.மீ. சதுர டியூபில் 16 கேஜ் கனத்தில் இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. விலையை நிரப்ப வேண்டிய பி.ஓ.க்யூ. அட்டவணையிலோ அதே கால்களுக்கு 1.2 மி.மீ. கனம் என்று இருக்கிறது. இரும்புக் கடைக்காரர் யாரைக் கேட்டாலும் சொல்வார்: 16 கேஜ் என்றால் ஏறத்தாழ 1.6 மி.மீ. 1.2 மி.மீ. என்பது 18 கேஜ். ஆக, ஒரே ஆவணம் ஒரே காலுக்கு இரண்டு கனம் சொல்கிறது.

இதைச் சின்ன எழுத்துப்பிழை என்று தள்ளிவிட முடியாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 1.2 மி.மீ. டியூப் ஒரு மீட்டர் சுமார் 0.9 கிலோ எடை வரும். 1.6 மி.மீ. என்றால் சுமார் 1.18 கிலோ. ஒரு செட்டுக்குப் பத்து மீட்டர் டியூப் போகிறது என்றால் எடையில் வித்தியாசம் 2.8 கிலோ. கிலோ 70 ரூபாய் என்று வைத்தாலும் செட்டுக்கு 196 ரூபாய். 600 செட்டுக்கு ஒரு லட்சத்துப் பதினேழாயிரத்துக்கு மேல். செட்டுக்கு ஐம்பது ரூபாய் கூடக்குறைய இருந்தாலே எல்-1 இடம் கைமாறிவிடும் போட்டியில், எந்தக் கனத்தை நம்பி விலை போடுவது?

கனமான டியூபுக்கு விலை போட்டவர், மெல்லிய டியூபுக்கு விலை போட்டவரிடம் தோற்றுப்போவார். மெல்லியதை நம்பி விலை போட்டு ஜெயித்தவரோ, சரக்கை இறக்கும் நாளில் ஸ்க்ரூ கேஜுடன் நிற்கும் பொறியாளரிடம் மாட்டிக்கொள்வார். 23ஆம் பக்கத்தைக் காட்டி அவர் சரக்கைத் திருப்பி அனுப்பினால் நஷ்டம் முழுக்க சப்ளையர் தலையில். இரண்டு பேரையும் காப்பாற்றக்கூடியது ஒன்றுதான்: கெடு முடிவதற்கு முன்னால் எழுதிக் கேட்கும் ஒரு கேள்வி.

கேட்பது சலுகை அல்ல

அதிகாரியிடம் கேள்வி கேட்டால் நம்மைத் தொந்தரவு பிடித்தவர் என்று நினைத்துவிடுவார்களோ என்ற தயக்கம் சிறு தொழில் செய்பவர்களிடம் நிறையவே உண்டு. தமிழ்நாட்டில் இந்தத் தயக்கத்துக்குச் சட்டத்தில் இடமே இல்லை. 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டமும், அதன் கீழ் வந்த 2000ஆம் ஆண்டு விதிகளும் மாநில அரசுத் துறைகளுக்கும் உள்ளாட்சி அமைப்புகளுக்கும் அரசு நிறுவனங்களுக்கும் பொருந்தும். ஒப்பந்தப்புள்ளி திறக்கப்படுவதற்கு 48 மணி நேரத்துக்கு முன்பாக யாராவது ஆவணத்தைப் பற்றி விளக்கம் கேட்டால், அதற்குப் பதில் அனுப்பப்படுவதை டெண்டர் கோரும் அதிகாரி உறுதிசெய்ய வேண்டும் என்கிறது அந்த விதி. பதிலின் நகல் ஆவணம் வாங்கிய எல்லோருக்கும் போக வேண்டும். கேட்டவர் யார் என்பது அதில் தெரியக் கூடாது.

கடைசியாகச் சொன்ன நிபந்தனை மிக முக்கியமானது. பதில் எல்லோருக்கும் போவதால் யாருக்கும் தனிச் சலுகை கிடைப்பதில்லை. கேட்டவர் பெயர் மறைக்கப்படுவதால், எந்தெந்த நிறுவனங்கள் போட்டியில் இருக்கின்றன என்று மற்றவர்கள் மோப்பம் பிடித்து விலையைக் கூடிப் பேசி வைக்கவும் வழி குறைகிறது. இதைக் காப்பாற்ற வேண்டிய பொறுப்பு கேட்பவருக்கும் உண்டு. கேள்வியில் உங்கள் மாடல் எண்ணையோ, முன்பு சப்ளை செய்த இடத்தையோ எழுதினால், பதிலில் அந்த வாசகம் அப்படியே வெளியாகி உங்களைக் காட்டிக்கொடுத்துவிடும்.

கேள்வியை யாருக்கு அனுப்புவது என்பதிலும் பலர் குழம்புகிறார்கள். டெண்டர் கமிட்டி என்று பொதுவாகச் சொன்னாலும், ஒப்பந்தப்புள்ளி ஆய்வுக் குழுவின் வேலை பெரும்பாலும் உறைகள் திறந்த பிறகுதான். அதற்கு முன்னால் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் டெண்டர் கோரும் அதிகாரி. அவருடைய பதவியும் முகவரியும் டெண்டர் அறிவிப்பிலேயே இருக்கும். குழுவில் யார் இருக்கிறார்கள் என்று விசாரித்து அவர்களில் ஒருவரைத் தனியாகப் பார்க்கப் போவது தவறு. ஆதாயம் தேடிப் போனதாகவே அது கொள்ளப்படும்.

48 மணி நேரத்தை நம்பி உட்காராதீர்கள்

இரண்டு கோடி ரூபாய் வரையிலான டெண்டர்களுக்குக் குறைந்தது 15 நாளும், அதற்கு மேற்பட்டவற்றுக்கு 30 நாளும் அவகாசம் தர வேண்டும் என்பது அதே விதிகளில் உள்ளது. இதைக் குறைக்க வேண்டுமானால் மேலதிகாரி காரணத்தை எழுத்தில் பதிவுசெய்து அனுமதிக்க வேண்டும். நம் டெஸ்க்-பெஞ்ச் டெண்டர் ஒரு செட் ஐயாயிரத்து ஐந்நூறு ரூபாய் என்று வைத்தால் 33 லட்சம். எனவே 15 நாள். 3ஆம் தேதி வெளியானால் 18ஆம் தேதி மாலை திறப்பார்கள்.

விதிப்படி 16ஆம் தேதி மாலை வரை கேட்கலாம். ஆனால் நடைமுறையில் கெடு அதற்கு முன்பே முடிந்துவிடலாம். tntenders.gov.in தளத்தில் ஒரு டெண்டரைத் திறந்தால் முக்கியத் தேதிகளின் பட்டியலில் Clarification Start Date, Clarification End Date என்று இரண்டு வரிகள் இருக்கும். விளக்கம் கேட்க அலுவலகம் வைத்திருக்கும் கெடு அதுதான். ஆவணத்துக்குள் தனியாக இன்னொரு தேதியும் இருக்கலாம். இவற்றில் எது முன்னால் வருகிறதோ அதையே உங்கள் கெடுவாக வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படி வைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 16ஆம் தேதி கேட்டு 17ஆம் தேதி இரவு பதில் வந்தால், அதை வைத்து என்ன செய்வீர்கள்? டியூப் கொட்டேஷன் புதிதாக வாங்க வேண்டும், விலையைத் திரும்பப் போட வேண்டும், அட்டவணையை மறுபடி ஏற்ற வேண்டும். அதிகாரிக்கும் இதே சிக்கல்தான். பொறியாளரிடம் கருத்துக் கேட்டு, திருத்தம் தேவையென்றால் ஒப்புதல் வாங்கி, வெளியிட வேண்டும். ஆகவே ஆவணம் கைக்கு வந்த இரண்டு மூன்று நாளுக்குள் முழுவதையும் படித்து, ஐந்தாறு நாளுக்குள் கேள்வியை அனுப்பிவிடுவது நல்லது.

படிக்கும்போது பக்க வரிசையில் படிப்பதைவிடப் பொருள் வரிசையில் படித்தால் முரண்பாடு சீக்கிரம் கண்ணில் படும். டியூப் என்று எடுத்துக்கொண்டால் தொழில்நுட்ப விவரம், வரைபடம், பி.ஓ.க்யூ., பரிசோதனை நிபந்தனை ஆகிய நான்கு இடத்திலும் டியூபைப் பற்றி என்ன சொல்லியிருக்கிறது என்று ஒரே தாளில் எழுதுங்கள். அடுத்துப் பலகை, பிறகு பெயின்ட், பிறகு டெலிவரி இடம். நான்கும் ஒத்துப்போகாத இடமெல்லாம் கேள்விக்குரிய இடம்.

பதில் வரவைக்கும் கேள்வி

விளக்கம் கேட்டவர்களுக்கு அலுவலகங்களிலிருந்து வரும் பழகிப்போன பதில் ஒன்று உண்டு: ‘டெண்டர் நிபந்தனைகளின்படி.’ இந்தப் பதிலால் யாருக்கும் பயனில்லை. ஆனால் பாதி நேரம் அதை வரவழைப்பது கேள்விதான். ‘டியூப் விவரம் தெளிவாக இல்லை, தயவுசெய்து விளக்கவும்’ என்று எழுதினால், கோப்பைப் பார்க்கும் எழுத்தருக்கு எது தெளிவாக இல்லை என்றே புரியாது. நிபந்தனைப்படி என்று எழுதி அடுத்த கடிதத்துக்குப் போய்விடுவார்.

அதே கேள்வியை இப்படி எழுதிப் பாருங்கள்:

‘பக்கம் 23, பிரிவு 4.2: கால்கள் 25 x 25 மி.மீ. சதுர டியூப், 16 கேஜ். பி.ஓ.க்யூ. வரிசை எண் 1: 25 x 25 x 1.2 மி.மீ. சதுர டியூப். 16 கேஜ் என்பது சுமார் 1.6 மி.மீ. கனம், 1.2 மி.மீ. என்பது 18 கேஜ். இரண்டில் எது பொருந்தும் என்று தெரிவிக்கவும். 1.6 மி.மீ. எனில் பி.ஓ.க்யூ.வையும், 1.2 மி.மீ. எனில் பிரிவு 4.2ஐயும் திருத்தி வெளியிட வேண்டுகிறோம்.’

இதற்கு நிபந்தனைப்படி என்று பதில் எழுதவே முடியாது. நிபந்தனை இரண்டாக இருக்கிறது என்பதைக் கேள்வியே காட்டிவிட்டது. பக்கமும் பிரிவும் இருப்பதால் அதிகாரி தேட வேண்டியதில்லை. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தால் போதும். எதைத் திருத்த வேண்டும் என்பதும் எழுதியிருப்பதால் பாதி வேலை முடிந்தே அவர் மேசைக்குப் போகிறது. ஒரு கேள்விக்கு ஒரு வரிசை என்று அட்டவணையாகப் போடுங்கள். ஒரே பத்தியில் மூன்று சந்தேகங்களை நுழைத்தால் ஒன்றுக்குப் பதில் வரும், மற்ற இரண்டும் காணாமல் போகும்.

எல்லாச் சந்தேகமும் முரண்பாடாக இருப்பதில்லை. சில இடங்களில் வாசகம் ஒன்றுதான், ஆனால் எல்லை தெரியாது. ‘கடந்த மூன்று ஆண்டுகளில் இதுபோன்ற சப்ளை செய்த அனுபவம்’ என்ற வரியை எடுத்துக்கொள்ளுங்கள். தனியார் பள்ளிக்குக் கொடுத்த பெஞ்ச் கணக்கில் வருமா? மூன்று ஆண்டு என்பது நிதியாண்டா, டெண்டர் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுவதா? ஆபீஸ் மேஜை சப்ளை ‘இதுபோன்ற’ சப்ளை ஆகுமா? இங்கே எந்தெந்த வகை ஏற்கப்படும் என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். ‘தனியார் கல்வி நிறுவனங்களுக்குச் செய்த மர-இரும்பு இருக்கை சப்ளை, ஜி.எஸ்.டி. பில்லும் பணி நிறைவுச் சான்றும் இருந்தால் ஏற்கப்படுமா?’ என்பது ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்வி.

மூன்றாவது வகை, நிபந்தனையையே மாற்றச் சொல்லிக் கேட்பது. பலகையின் மேல் ஒட்டும் லேமினேட்டுக்கு ஒரே ஒரு கம்பெனியின் பெயரைப் போட்டிருக்கிறார்கள் என்றால், தரம் சமமாக உள்ள வேறு கம்பெனிப் பொருளையும் ஏற்க வேண்டும் என்று கேட்பது நியாயமான வேண்டுகோள். ஆனால் இதை விளக்கம் கேட்பதுபோல் எழுதக் கூடாது, வேண்டுகோள் என்றே எழுத வேண்டும். காரணமும் அரசின் பக்கத்திலிருந்து இருக்க வேண்டும். ‘எங்களிடம் அந்த பிராண்ட் இல்லை’ என்றால் அதிகாரிக்கு அதைக் கேட்க எந்த அவசியமும் இல்லை. ‘கனம், தேய்மானத் தாங்குதிறன் ஆகியவற்றை மட்டும் குறிப்பிட்டு, அல்லது அதற்கு இணையானது என்று சேர்த்தால் போட்டி கூடும், தரமும் குறையாது’ என்றால் அதைக் கோப்பில் எழுதி மேலே அனுப்ப அவருக்கு ஒரு பிடி கிடைக்கிறது. இப்படிப்பட்ட வேண்டுகோள் மறுக்கப்படலாம். மறுத்தால் அதுவும் ஒரு பதில்தான். கலந்துகொள்வதா வேண்டாமா என்று முடிவெடுக்கலாம்.

வாய்மொழி செல்லாது

பெரிய வேலைகளிலும் விலையுயர்ந்த இயந்திரக் கொள்முதலிலும் ப்ரீ-பிட் மீட்டிங் என்ற கூட்டம் நடத்துவார்கள். மத்திய அரசின் 2017ஆம் ஆண்டு பொது நிதி விதிகள், நுட்பமான, விலை அதிகமான கருவிகளின் கொள்முதலுக்கு இப்படி ஒரு கூட்டத்துக்கு ஆவணத்திலேயே இடம் வைக்கச் சொல்கின்றன. கூட்டத்தில் பொறியாளர் நேரில் விளக்கும்போது எல்லாம் தெளிவானதுபோல் இருக்கும். ‘1.2 போட்டுக்கோங்க சார், பிரச்சினை இல்ல’ என்று அவர் சொல்லவும் செய்வார். ஆனால் அந்தப் பேச்சு எழுத்தில் வராதவரை செல்லாது. சரக்கு வரும்போது அந்தப் பொறியாளர் வேறு ஊருக்கு மாறிப் போயிருக்கலாம். எனவே கேள்வியை முன்பே எழுத்தில் கொடுத்துவிட்டுக் கூட்டத்துக்குப் போங்கள். அங்கே கேட்ட பதில் பிறகு வெளியாகும் கூட்டக் குறிப்பிலோ திருத்த அறிவிப்பிலோ இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கெடு முடியும் முன் மறுபடி எழுதுங்கள்.

போனில் கேட்டதும் இதே கதிதான். போனில் விசாரிப்பதில் தவறில்லை, ஆனால் அதை நம்பி விலை போடக் கூடாது.

பதில் வந்த பிறகு

நல்ல பதில் வந்துவிட்டது, 1.6 மி.மீ.தான் சரி என்கிறார்கள். அத்துடன் வேலை முடியவில்லை. பி.ஓ.க்யூ. அட்டவணையும் திருத்தி ஏற்றப்பட்டிருக்கிறதா என்று Corrigendum பகுதியில் பார்க்க வேண்டும். புதிய அட்டவணை வந்திருந்தால் அதைத்தான் இறக்கி நிரப்ப வேண்டும். பழைய அட்டவணையில் விலை போட்டு ஏற்றினால், விலை எவ்வளவு சரியாக இருந்தாலும் ஒப்பந்தப்புள்ளி நிராகரிக்கப்படும் ஆபத்து உண்டு. ஏற்கெனவே சமர்ப்பித்தவர்களும் கெடுவுக்குள் மறுசமர்ப்பிப்பு செய்யலாம். ஆனால் திருத்துகிறோம் என்று நினைத்து ஒப்பந்தப்புள்ளியை வாபஸ் வாங்கிவிடாதீர்கள். அந்தத் தளத்தில் வாபஸ் வாங்கியவர் அதே டெண்டரில் மறுபடி நுழைய முடியாது.

கடைசித் திருத்தம் கெடுவுக்கு முந்தின நாள் மாலைகூட வரலாம். அதனால் சமர்ப்பிக்கும் நாள் காலையில் ஒருமுறை அந்தப் பகுதியைத் திறந்து பார்ப்பது கட்டாயம். திருத்தம் பெரியது, விலை போட நேரம் போதாது என்றால், எத்தனை நாள் தேவை, ஏன் தேவை என்று எழுதி கெடுவை நீட்டிக்கக் கேட்கலாம்.

பதிலே வராவிட்டால்

விதி இருந்தும் பதில் வராத சந்தர்ப்பங்கள் உண்டு. அப்போது கேட்ட தேதியைக் குறிப்பிட்டு நினைவூட்டல் அனுப்பி, அதன் நகலைத் துறைத் தலைவருக்கும் அனுப்புங்கள். தளம் வழியாகவும் மின்னஞ்சலிலும் அனுப்பியதற்கான ஆதாரத்தைப் பத்திரப்படுத்துங்கள்.

அப்படியும் பதில் வராமல் கெடு வந்துவிட்டால் பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு. விலையுடன் ஒரு கடிதம் வைத்து, ‘1.2 மி.மீ. என்று கொண்டு விலை கொடுத்திருக்கிறோம்’ என்று எழுதிவிடுகிறார்கள். அந்த ஒரு வரி உங்கள் ஒப்பந்தப்புள்ளியை நிபந்தனையுடன் கூடியதாக மாற்றிவிடும். நிபந்தனையுடன் வரும் ஒப்பந்தப்புள்ளிகளை நிராகரிக்கலாம் என்று ஆவணத்திலேயே எழுதியிருப்பார்கள். அதைவிட, கடினமான பொருளைக் கொண்டு, அதாவது 1.6 மி.மீ.க்கு விலை போட முடியுமானால் போடுங்கள். முடியாதென்றால் ஒதுங்கிவிடுங்கள். வாசகம் நமக்குச் சாதகமாகப் பார்க்கப்படும் என்ற நம்பிக்கையில் மட்டும் விலை போடாதீர்கள்.

ஏன் என்பதற்கு உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு ஒன்று இருக்கிறது. நாக்பூர் மெட்ரோ ரயிலின் ஒரு டெண்டரில், மெட்ரோ கட்டுமானப் பணியில் முன் அனுபவம் கேட்டிருந்தார்கள். போட்டியிட்ட ஒரு கூட்டு நிறுவனம், சீனாவில் நகரங்களுக்கிடையே ஓடும் ரயில் திட்டத்தில் செய்த வேலையைக் காட்டியது. அது மெட்ரோ ஆகாது என்று நாக்பூர் மெட்ரோ நிராகரித்தது. பம்பாய் உயர் நீதிமன்றம் அந்த நிறுவனத்தின் பக்கம் நின்றது. 2016 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. டெண்டர் ஆவணத்தை எழுதியவரே அதன் தேவையையும் பொருளையும் நன்றாக அறிந்தவர். அவர் கொள்ளும் பொருளில் கெட்ட நோக்கமோ, யாரும் ஏற்க முடியாத கோணலோ இருந்தாலொழிய, வேறு பொருள் தனக்குச் சரியாகத் தோன்றினாலும் நீதிமன்றம் குறுக்கிடக் கூடாது என்பது தீர்ப்பின் சாரம்.

உறை திறந்த பிறகு வாசகத்துக்குப் பொருள் சொல்லும் உரிமை ஏறக்குறைய முழுக்க அலுவலகத்தின் கைக்குப் போய்விடுகிறது என்பதே இதன் அர்த்தம். தமிழ்நாட்டுச் சட்டத்தில் மேல்முறையீடு உண்டு. ஒப்பந்தப்புள்ளியை ஏற்கும் அதிகாரியின் உத்தரவு கிடைத்த 10 நாளுக்குள் அரசிடம் முறையிடலாம். ஆனால் நிபந்தனையைப் பார்த்தும் பேசாமல் கலந்துகொண்டு, தோற்ற பிறகு நிபந்தனையே தவறு என்பவரை நீதிமன்றங்கள் பொதுவாக ஏற்பதில்லை. அப்போது அவருக்குக் கைகொடுக்கக்கூடியது ஒன்று இருந்தால், அது கெடுவுக்கு முன்பே எழுதி, பதில் வராமல் போன அந்தக் கடிதம்தான்.

சிலர் வேறொரு காரணத்துக்காகக் கேட்காமல் இருக்கிறார்கள். பதில் போட்டியாளருக்கும் போகுமே, நாம் கண்டுபிடித்த ஓட்டையை அவருக்கு ஏன் காட்ட வேண்டும் என்று நினைக்கிறார்கள். ஓட்டை இருக்கும்வரை உங்கள் 1.6 மி.மீ. விலையை அவருடைய 1.2 மி.மீ. விலையுடன் ஒப்பிட்டுத்தான் எல்-1 யார் என்று தீர்மானிப்பார்கள். எல்லோரும் ஒரே பொருளுக்கு விலை சொன்னால்தான் திறமையாக வாங்கி, சேதாரமில்லாமல் வெட்டி, ஒழுங்காகச் செய்பவரின் விலை குறைவு என்பது அந்தப் பட்டியலில் தெரியும். பெஞ்சில் உட்காரப்போகும் பிள்ளைகளுக்கும் எந்தக் கனத்துக் கால் கிடைக்கும் என்பது அங்கேதான் முடிவாகிறது.